நான்கு இடத்தில் தெரிந்த ஆமைக் கல்

ஓசூரில் வீடு கட்டியபோது, வாசலுக்கு இடப்புறம் இருக்கும் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் கல் பதிக்க நினைத்தோம். 12 அடி அகலம், 10 அடி உயரம், மேற்குப் பார்த்த சுவர். முதலில் வாங்கியது அச்சில் வார்த்த சிமெண்ட் கல் பலகைகள். ஒவ்வொன்றும் 2 அடி நீளம், 1 அடி உயரம். கல்லும் கல்லுக்கு இடையிலான சந்தும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும், அப்படியே பசை தடவி ஒட்டிக்கொண்டு போகலாம். கடையில் ஒரு பலகையைக் கையில் வைத்துப் பார்த்தபோது அசல் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

20 பலகை ஒட்டி முடிந்த அன்று மாலை, எதிர்ப்புறம் சாலையைத் தாண்டி நின்று பார்த்தேன். ஒரு கல் ஆமை முதுகு மாதிரி நடுவில் உப்பி, ஓரத்தில் ஒரு கீறலோடு இருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தபோது அது அழகான கல். தூரத்திலிருந்து பார்த்தால் அதே ஆமை நான்கு இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒருமுறை கண்ணில் பட்ட பிறகு அந்தச் சுவரில் வேறு எதுவுமே தெரியவில்லை. அப்புறம் பலகைகளைப் புரட்டிப் பார்த்தால், மொத்தமே ஐந்து அச்சுதான். எத்தனை பெட்டி வாங்கினாலும் அந்த ஐந்து முகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்றிரண்டைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டிப் பார்த்தோம். ஆமை மறைந்தது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வெளியே வந்தது. ஒவ்வொரு 2 அடிக்கும் பலகையின் விளிம்பு நேர்கோடாகத் தெரிந்தது, ஒவ்வொரு அடி உயரத்துக்கும் ஒரு கிடைக்கோடு சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது. வரிக்கு வரி பாதிப் பலகை தள்ளி ஒட்டியிருந்ததால், விளிம்புகள் சேர்ந்து படிக்கட்டு மாதிரி குறுக்கே ஏறின. வால்பேப்பர் ஒட்டிய மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, ஒட்டியதை எடுத்துவிட முடிவு செய்தோம்.

கருங்கல் வேலையில் பழகிய ஒரு மேஸ்திரியை நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சுவரை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "சார், நீங்க கல்லையே பாக்கறீங்க. சந்தைப் பாருங்க. கல்லு எப்படி இருந்தாலும் சந்து ஒழுங்கா வந்தாத்தான் சுவர் சுவரா இருக்கும்."

அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. சுவரைப் போட்டோ எடுத்து, காகிதத்தில் அச்செடுத்து, அதன்மேல் ட்ரேசிங் தாளை வைத்து, கற்களை விட்டுவிட்டு சந்துகளை மட்டும் பென்சிலால் வரைந்தேன். அந்தத் தாளில் கல்லின் நிறமோ, உப்பலோ, கீறலோ எதுவும் இல்லை. இருந்தாலும் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு பளிச்சென்று தெரிந்தது. நான்கு கற்களின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்தித்துக் கூட்டல் குறி போல நின்ற இடங்கள், நீளமாக ஓடிய கிடைச்சந்துகள், ஏணி மாதிரி ஏறிய நேர்சந்துகள். தூரத்திலிருந்து பார்க்கும்போது நம் கண் பிடித்துக்கொள்வது இவற்றைத்தான். இவை ஒரே இடைவெளியில் மறுபடி வந்தால், கற்கள் எல்லாம் வேறு வேறாக இருந்தாலும் சுவர் துணி அச்சு மாதிரிதான் இருக்கும்.

அசல் கல்லுக்குப் போனோம். சாம்பல் நிற கிரானைட், முகம் உடைத்தது, சராசரியாக ஓர் அங்குலக் கனம். இங்கேதான் மேஸ்திரி ஒரு கணக்குச் சொன்னார், எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்தது அதுதான். கல்லின் நீளம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், உயரம் மூன்றே அளவில் இருக்க வேண்டும்: இரண்டேகால், ஐந்து, ஏழேமுக்கால் அங்குலம். சந்து 4 நூல், அதாவது அரை அங்குலம்.

ஏன் இந்த அளவு? இரண்டேகால் கல் ஒன்று, நடுவே அரை அங்குலச் சந்து, அதன்மேல் இன்னொரு இரண்டேகால் வைத்தால் சரியாக ஐந்து. ஐந்தின் மேல் அரை அங்குலம், அதன்மேல் இரண்டேகால் வைத்தால் ஏழேமுக்கால். ஆக, ஒரு பெரிய கல்லுக்குப் பக்கத்தில் சின்னக் கற்களை அடுக்கினால் தலைமட்டம் தானாகவே சேரும். சந்தையும் சேர்த்து அளந்தால் மூன்றும் 2¾, 5½, 8¼ அங்குலம் வரும், அதாவது ஒன்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று மடங்கு. நாங்கள் அவற்றை ஒரு படி, இரண்டு படி, மூன்று படி என்றே அழைத்தோம். இந்தக் கணக்கு இல்லாமல் கண்டபடி உயரத்தில் கல் வாங்கியிருந்தால், ஒவ்வொரு இடத்திலும் இடைவெளி மிஞ்சும். அதை அடைக்க மெல்லிய சில்லுகளைச் செருக வேண்டிவரும், இல்லாவிட்டால் ஓர் இடத்தில் இரண்டு அங்குலச் சந்து வாய் பிளந்து நிற்கும். வரிசை ஒழுங்கில்லாமல் தெரிய வேண்டுமென்றால் அளவு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது முதலில் எனக்கு விசித்திரமாகப் பட்டது. அடுக்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

கல் எவ்வளவு வாங்குவது என்பதும் இதிலிருந்தே வரும். எங்கள் சுவர் 120 சதுர அடி. பெரிய கல் பரப்பில் 30 சதவீதம், நடுக்கல் 50, சின்னக்கல் 20 என்று வைத்தோம். பெரிய கல்லுக்கு 36 சதுர அடி, அதை 8¼ அங்குல உயரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 52 அடி நீளம். அதே கணக்கில் நடுக்கல் 131 அடி, சின்னக்கல் 105 அடி. இவற்றோடு 10 சதவீதம் சேதாரத்துக்குச் சேர்த்துக்கொண்டோம். கல் பட்டறையில் நீளக் கணக்கில் சொன்னதால் வெட்டிக் கொடுக்க அவர்களுக்கும் சுலபமாக இருந்தது. நீளத்தை 6 அங்குலம் முதல் 20 அங்குலம் வரை கலந்து உடைக்கச் சொன்னோம். முனைகளை மட்டும் மெஷினில் அறுக்காமல் உளியால் உடைக்க வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அறுத்த முனை நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், அந்த நேர்கோடு சந்தில் அப்படியே தெரியும்.

உயரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. 10 அடி என்பது 120 அங்குலம், அதில் 43 படி போட்டால் 118¼ வரும். மீதி ஒன்றேமுக்கால் அங்குலத்தை மேலே வைத்த தொப்பிக் கல்லின் கனத்தில் சேர்த்துவிட்டோம். இதை முதலிலேயே பார்க்காவிட்டால், கடைசி வரியில் மெல்லிய துண்டுகள் வரிசையாக நின்று, அதுவே ஒரு பார்டர் போலத் தெரியும்.

கல் வந்ததும் மேஸ்திரி செய்த முதல் வேலை, எல்லாக் குவியலையும் கலைத்தது. ஒரே பாறையிலிருந்து வந்த கற்கள் ஒரே குவியலில் இருக்கும். எங்களுக்கு வந்ததில் ஒரு குவியல் நீலச் சாம்பல், இன்னொன்றில் லேசான துருநிறம். ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே போயிருந்தால் சுவரில் நிறம் திட்டுத் திட்டாக விழுந்திருக்கும். எந்நேரமும் எல்லாக் குவியலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும் என்பதைச் சித்தாளிடம் சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார்.

தரையில் உட்கார்ந்தது அடுக்கிப் பார்க்க. கார் நிறுத்தும் இடத்தில் சுவர் அளவுக்கே சுண்ணாம்புக்கோடு போட்டு, 2¾ அங்குலத்துக்கு ஒரு கோடாகப் பக்கவாட்டில் குறித்துக்கொண்டு, பசையில்லாமல் கற்களைப் பரப்பினோம். சந்துக்கு அரை அங்குல மரச்சீவல்கள். ஒரு கல் பிடிக்கவில்லை என்றால் இங்கே எடுத்து மாற்ற ஒரு நொடிதான் ஆகும், சுவரில் ஏறிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அப்போது கவனித்த விதிகள் அதிகமில்லை. நான்கு மூலைகள் ஒரு புள்ளியில் சேரக்கூடாது, எங்கும் மூன்றுதான் சேர வேண்டும். நேர்சந்து 4 படிக்கு மேல், அதாவது சுமார் 11 அங்குலத்துக்கு மேல், தொடர்ந்து ஏறக்கூடாது. கிடைச்சந்து 4 அடிக்கு மேல் ஓடக்கூடாது. மூன்றாவதுதான் கடினம், அதற்கான வழி பெரிய கல்லின் பக்கத்தில் இருக்கிறது. மூன்று படிக் கல் ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டும் ஒன்றுமாக அடுக்கினால் தலைமட்டம் சேர்ந்துவிடும். அது பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் அந்த மட்டத்தில் ஒரு கிடைச்சந்து ஓட ஆரம்பிக்கும். அதற்குப் பதில் பக்கத்தில் இரண்டின் மேல் இரண்டு வையுங்கள். அது நான்கில் முடிந்து, பெரிய கல்லைவிட ஒரு படி தலை தூக்கி நிற்கும். பெரிய கல்லின் மேல் ஒரு படிக் கல்லை வைத்து மட்டம் சேர்த்து, இரண்டையும் மூடுகிற மாதிரி நீளமான கல் ஒன்றைப் படுக்க வைத்தால், நேர்சந்தும் அங்கே அடைபடும். கிடைச்சந்தும் அந்த நீளக் கல்லோடு நின்றுவிடும்.

பாதிச் சுவர் பரப்பியதும் மொட்டை மாடியிலிருந்து போட்டோ எடுத்து, மறுபடி ட்ரேசிங் தாளை வைத்தேன். கூட்டல் குறி ஒன்றுகூட இல்லை. ஆனால் வேறு ஒன்று இருந்தது. மூன்று படிக் கல், அதன் வலப்பக்கம் இரண்டு நடுக்கற்கள், மேலே ஒரு நீளக் கல், இதே கூட்டு ஏறத்தாழ மூன்றடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. அச்சு இல்லை, பலகை இல்லை, ஒவ்வொரு கல்லும் தனி. இருந்தும் மறுபடி அதே அமைப்பு, ஏனென்றால் அடுக்கியது ஒரே கை. ஒரு பிரச்சினைக்கு ஒரு விடை கண்டுபிடித்ததும் கை அதையே திரும்பச் செய்கிறது. தாளை மேஸ்திரியிடம் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமா சார், என் கைப்பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பாதியை அவரே கலைத்தார்.

இரண்டாம் முறை வழியை மாற்றினோம். முதலில் பெரிய கற்களை மட்டும் முழுப் பரப்பிலும் போட்டோம். ஓர் இடத்தில் இரண்டு அருகருகே, இன்னோர் இடத்தில் நான்கடிக்கு ஒன்றுமே இல்லை, கீழ்ப்பகுதியில் கொஞ்சம் அதிகம், மேலே ஒன்றிரண்டாவது கட்டாயம். மூன்று பெரிய கற்கள் ஒரே சாய்கோட்டில் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டோம். பிறகு நடுக்கற்களை அவற்றைச் சுற்றி நிரப்பினோம். அதை இடப்பக்கம் மேஸ்திரியும் வலப்பக்கம் அவருடைய தம்பியும் செய்தார்கள். மிச்சமிருந்த பொந்துகளுக்குச் சின்னக்கல். இடையில் ஒரு கல்லைக் குறுக்காக உடைக்க வேண்டி வந்தால் யோசிக்காமல் உடைத்தார்கள். இந்த முறை ட்ரேசிங் தாளில் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்லுக்குப் பின்புறம் படி எண்ணும் வரிசை எண்ணும் சாக்பீஸால் எழுதி, அப்படியே சுவருக்கு ஏற்றினோம்.

ஒட்டும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பலகைகளை எடுத்த இடத்தில் பூச்சும் பெயர்ந்து வந்ததால் முழுச் சுவரையும் கொத்திவிட்டு, சொரசொரப்பாக மறுபடி பூசினோம். வழவழப்பான பூச்சின் மேலோ பெயிண்ட் மேலோ கல் ஒட்டக்கூடாது. கல்லின் முதுகில் அறுத்த தூசி படிந்திருக்கும், அதைத் தண்ணீரில் கழுவிக் காயவைக்காவிட்டால் பசை தூசியில்தான் ஒட்டும். வெளிச்சுவரில் கல் ஒட்டுவதற்கென்று வரும் பாலிமர் கலந்த பசையைச் சுவரிலும் கல்லிலும் இரண்டு பக்கமும் தடவினார்கள். ஓர் அங்குலக் கனத்தில் கிரானைட் சதுர அடிக்கு ஆறு கிலோவுக்கு மேல் இருக்கும், அதனால் நாளுக்கு மூன்றடி உயரத்துக்கு மேல் ஏறவில்லை. மறுநாள் ஒவ்வொரு கல்லையும் கரண்டிக் கைப்பிடியால் தட்டிப் பார்த்ததில் இரண்டு கல் 'டொக் டொக்' என்று பொள்ளலாக ஒலித்தது, எடுத்து மறுபடி ஒட்டினார்கள். எங்கள் சுவர் பத்தடியோடு நின்றது. இதைவிட உயரமாகப் போகிறவர்கள் பசையை மட்டும் நம்பாமல் துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப் போட்டுக்கொள்ள வேண்டும், அதைப் பொறியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மூலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுவர் பக்கவாட்டில் திரும்பும் இடத்தில் ஓர் அங்குலக் கல்லின் விளிம்பு வரிசையாகத் தெரிந்தால், முன்னால் எவ்வளவு கவனமாக அடுக்கியிருந்தாலும் ஒட்டிய தாள் மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மூலைக்கு மட்டும் நாலு அங்குலக் கனத்தில் முழுக்கல் வாங்கி, அதன் பின்பக்கத்தை 'ட' வடிவத்தில் அறுத்து எடுத்தோம். முன்பக்கம் நீளக்கை வந்தால் அடுத்த கல்லில் பக்கவாட்டில் நீளக்கை. செலவு கூடுதல்தான், ஆனால் அந்த மூலையைப் பார்க்கிறவர்கள் முழுக்கல்லில் கட்டிய சுவர் என்றே நினைக்கிறார்கள்.

கடைசியாகச் சந்தை நிரப்பும் பாயிண்டிங். நம் ஊரில் கருங்கல் காம்பவுண்ட் சுவர் என்றால் சந்தின் மேல் கலவையைப் புடைப்பாக வைத்து, கரண்டியால் ரிப்பன் மாதிரி இழுத்து, கறுப்பு அல்லது வெள்ளை பெயிண்ட் அடிப்பார்கள். அது ஒவ்வொரு கல்லையும் கோடு போட்டுக் காட்டிவிடும், எல்லாக் கோடும் ஒரே அகலம். அப்படிச் செய்தால் இத்தனை நாள் அடுக்கியது வீண். மேஸ்திரியே முதலில் அப்படித்தான் செய்யப் போனார், வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

இரண்டடிக்கு இரண்டடியாக மூன்று மாதிரிப் பலகைகள் செய்து பார்த்தோம். வெறும் வெள்ளை சிமெண்டில் போட்டது வலை விரித்த மாதிரி இருந்தது. வெறும் சாம்பல் சிமெண்டில் போட்டது காய்ந்ததும் கல்லைவிடக் கறுத்து, சந்துகள் பள்ளமாகத் தெரிந்தன. பாதி வெள்ளை, பாதி சாம்பல் கலந்தது கல்லைவிட ஒரு சாயல் மட்டும் வெளுப்பாக வந்தது, அதையே எடுத்துக்கொண்டோம். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நான்கைந்து நாள் காயவிட்டு, வெயிலில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்து கலந்தால் நிறம் மாறும். அதனால் முழுச் சுவருக்கும் தேவையான உலர்கலவையை ஒரே நாளில் கலந்து, மூட்டைகளில் இறுகக் கட்டி வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்தோம்.

கலவையைச் சந்துக்குள் அழுத்தித் திணித்து, கல் விளிம்பு மட்டத்துக்கு நிரப்பி விட்டுவிட வேண்டும், உடனே தொடக்கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஓசூர் காற்றில் எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, மேற்கு வெயில் விழும் நேரத்தில் அதில் பாதி. அந்தப் பதத்தில் மரக்குச்சி ஒன்றால் ஒரு நூல் அல்லது இரண்டு நூல் ஆழத்துக்குச் சுரண்டி, பிறகு காய்ந்த நார் பிரஷ்ஷால் குறுக்காகத் தேய்த்தார்கள். மேலே படிந்த சிமெண்ட் பால் உதிர்ந்து, மணல் பருக்கை வெளியே தெரிந்தது. கம்பியால் இழுத்தால் சந்து முழுக்க ஒரே ஆழத்தில் வழவழப்பாக வரும், குச்சியில் அப்படி வராது. உடைத்த கல் என்பதால் சந்தின் அகலமும் 3 நூலுக்கும் 6 நூலுக்கும் நடுவே மாறிக்கொண்டே இருந்தது. அதைச் சரிப்படுத்த முயலவில்லை.

ஒரு தப்பு நடந்தது. முதல் நாள் சித்தாள் ஈரத் துணியால் கல் முகத்தைத் துடைத்துவிட்டார். அப்போது சுத்தமாகத் தெரிந்தது, காய்ந்ததும் ஆறு சதுர அடிக்கு வெள்ளைப் புகை படிந்த மாதிரி இருந்தது. துடைத்த தண்ணீரில் இருந்த சிமெண்ட் கல்லின் சொரசொரப்பில் இறங்கிவிட்டது. ஆசிட் ஊற்றலாம் என்றார்கள், அது புதுச் சந்தின் சிமெண்டையும் தின்னும் என்பதால் விடவில்லை. நார் பிரஷ்ஷும் தண்ணீரும் வைத்து இரண்டு நாள் தேய்த்ததில் பெரும்பாலும் போனது. கலவை கல் மேல் விழுந்தால் துடைக்காதீர்கள். பாதி காய விட்டு, கரண்டி நுனியால் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

பலகை ஒட்டியபோது ஒரே நாளில் 40 சதுர அடி முடிந்தது. இந்த வேலை நாளுக்கு 15 சதுர அடிதான் நகர்ந்தது, தரையில் பரப்பிய நாட்கள் தனி. மாலை ஐந்து மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது, சுரண்டிய சந்துகளில் நிழல் இறங்கி, ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எழுந்து நிற்கும். இதுவரை அதில் ஆமையைத் தேடியும் கிடைக்கவில்லை.

மிஞ்சிய கல்லில் மூன்று அளவிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, அதே மணல் அரை மூட்டையோடு மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். சிமெண்ட் கெட்டுப்போகும், மணல் கெடாது. எப்போதாவது குழாய் வேலைக்காக ஒரு கல்லை எடுக்க வேண்டி வந்தால் சந்தின் நிறம் மாறிவிடக்கூடாது என்பதற்காக, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் மேஸ்திரி தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: வெள்ளை 1, சாம்பல் 1, சலித்த மணல் 6.